மூன்று நாள் ஃபிரிட்ஜ் ஓடவில்லை, உள்ளே இருந்த 19 முட்டைகளை என்ன செய்வது?

அரைவேக்காடு:
அவசரமாகப் பதில் தேவை, அதனால் நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இன்றோடு பதினாலு நாளுக்கு முன்னால் 30 முட்டை அட்டை ஒன்று வாங்கினேன். கடையில் முட்டை வெளியேதான் இருந்தது, அட்டையில் தேதி எதுவும் இல்லை. வாங்கிய அன்றே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது, 11 முட்டை செலவானது. அப்புறம் இரண்டு இரவு வெளியூர் போய்விட்டு முந்தாநாள் காலை வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது. எப்போது நின்றது என்று தெரியாது. பால் திரிந்துவிட்டது, ஐஸ் தட்டில் இருந்ததெல்லாம் வெறும் தண்ணீர். முட்டையை எடுத்து சமையலறை மேடையில் வைத்தேன். அங்கே சுவர்க் கடிகாரத்தில் இருக்கிற வெப்பமானி 31 காட்டியது. மெக்கானிக் நேற்று மாலைதான் வந்தார். சரியானதும் முட்டையைத் திரும்ப உள்ளே வைத்தேன். இன்று காலை அட்டையை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் இருக்காது, எல்லா முட்டையும் குளித்துவிட்டு வந்தது மாதிரி நனைந்து நிற்கிறது.

வீட்டில் 78 வயது மாமியார் இருக்கிறார். அவருக்கு மஞ்சள் கரு ஓட ஓட இருந்தால்தான் பிடிக்கும். 19 முட்டையையும் தூக்கிப் போடுவதா, சாப்பிடலாமா?

சமையல்_சிங்கம்:
தண்ணீரில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. மூழ்கிப் படுத்தால் நல்லது, நட்டமாக நின்றால் சீக்கிரம் சாப்பிடு, மிதந்தால் குப்பை. இதற்கு ஒரு இழையே தேவையில்லை. இன்னொன்று, ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்த முட்டையை மறுபடி வெளியே எடுத்து வைக்கவே கூடாது. அது சட்டம்.

கணக்குப்பிள்ளை:
எந்த நாட்டுச் சட்டம்? அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்கள், குளிர வைத்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று. ஐரோப்பாவில் கடைக்கு வருகிற வரைக்கும் முட்டையைக் குளிர வைக்கவே கூடாது என்கிறார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டு பேரும் முட்டை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை.

நள்ளிரவுப்பசி:
எனக்கும் இதே பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை ஆறு முட்டை அவித்து ஓட்டோடு அலமாரியில் வைத்துவிடுவேன், தினம் ஒன்று. வெள்ளிக்கிழமை வரும்போது ஒரு மாதிரி வாடை வருகிறது. ஓடு உடையவே இல்லையே, பச்சை முட்டை வாரக்கணக்கில் வெளியே இருக்கும்போது அவித்ததுக்கு மட்டும் என்ன வந்தது?

பழைய_ஆய்வகம்:
நள்ளிரவுப்பசி, உங்கள் கேள்வி வேறு, இருந்தாலும் அதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இருப்பதிலேயே ஆபத்தானது உங்களுடையதுதான். பச்சை முட்டை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. வெள்ளைக்கருவில் லைசோசைம் என்று ஒன்று இருக்கிறது, பல வகைக் கிருமியின் சுவரை உடைக்கும். இன்னொரு புரதம் இரும்புச் சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பட்டினி. அவிக்கும்போது இந்தக் காவல் போய்விடுகிறது. ஓட்டின் மேலிருக்கிற மெழுகு மாதிரியான படலமும் கொதிநீரில் வீணாகிவிடும். பிறகு அதைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற வைக்கிறோம், உள்ளே சுருங்குகிறபோது அந்தத் தண்ணீரையே ஓட்டின் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். ஆகவே அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், அங்கேயும் ஒரு வாரம்தான் கணக்கு. அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமை வரை சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இப்போது அரைவேக்காடு அவர்களுக்கு. ஒரு முட்டைப் பொதிக்கூடத்தின் தரப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பதில் சொல்லும் முன் எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஒன்று, கடையில் வாங்கிய முட்டை கழுவியதா, கழுவாததா? ஓடு பளபளவென்று வழுக்கலாக இருக்கிறதா, அல்லது கொஞ்சம் மங்கலாக, சுண்ணாம்பு தடவியது மாதிரி, அங்கங்கே ஒரு இறகுத் துணுக்கோ கறையோ ஒட்டி இருக்கிறதா? இரண்டு, விரிசல் ஏதாவது? மூன்று, நனைந்த முட்டையை நீங்கள் துடைத்தீர்களா?

அரைவேக்காடு:
மங்கல்தான். இரண்டு மூன்றில் கறை இருந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்கு முட்டையைத் துண்டால் துடைத்தேன், அப்புறம் ஏதோ தோன்றியது, நிறுத்திவிட்டேன். மீதி மேடையில் அப்படியே இருக்கிறது.

பழைய_ஆய்வகம்:
துடைக்காமல் விட்டது நல்லது. மின்விசிறியைப் போட்டுத் தானாகக் காய விடுங்கள். துடைத்த நாலையும் பேனாவால் குறித்துத் தனியே வையுங்கள்.

கணக்குப்பிள்ளை, ஐரோப்பாவும் அமெரிக்காவும் எதிரெதிராகப் பேசவில்லை, இரண்டு பேரும் ஒரே பயத்துக்கு வேறு வேறு வழியில் மருந்து போடுகிறார்கள். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. கோழி முட்டையிடும்போதே அவற்றின் மேல் ஒரு மெல்லிய படலம் பூசித்தான் வெளியே விடுகிறது. அமெரிக்காவில் கடைக்குப் போகும் முட்டையை வெந்நீரில் கழுவிக் கிருமிநாசினி தெளிக்கிறார்கள். மேலிருக்கிற அசுத்தம் போய்விடும், கூடவே அந்தப் படலமும் பெருமளவு போய்விடும். ஆகவே அங்கே 7 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியைத் தொடங்கினால் நடுவில் விட முடியாது. ஐரோப்பாவில் முதல் தர முட்டையைப் பொதுவாகக் கழுவுவதில்லை, படலத்தை அப்படியே காப்பாற்றுகிறார்கள். படலத்துக்கு எதிரி ஈரம். குளிர்ந்த முட்டையை வெப்பக் காற்றுக்குக் கொண்டுவந்தால் இன்று காலை உங்கள் மேடையில் நடந்ததுதான் நடக்கும். அதனால்தான் விற்கிற வரைக்கும் குளிர வைக்காதே என்கிறார்கள். வாங்கிய பிறகு வீட்டில் ஃபிரிட்ஜில் வைப்பதை அவர்களும் தடுக்கவில்லை, ஏனென்றால் அதன் பிறகு முட்டை உள்ளேயே இருந்து நேராக அடுப்புக்குத்தான் போகும்.

உங்களுடையது இரண்டிலும் சேராத கதை. கழுவாத முட்டை, பத்து நாள் குளிர், மூன்று நாள் சூடு, மறுபடி ஓரிரவு குளிர், கடைசியில் குளியல். அதாவது உள்ளே வெளியே ஆட்டம்.

சமையல்_சிங்கம்:
நானும் அதைத்தானே சொன்னேன், வெளியே எடுக்கக் கூடாது என்று. தண்ணீரில் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

பழைய_ஆய்வகம்:
வெளியே எடுக்கக் கூடாது என்றது சரி சார், தண்ணீர்ச் சோதனையில்தான் எனக்குச் சண்டை. மிதக்கிறதா என்ற சோதனை முட்டையின் வயதைச் சொல்லும், அதுவும் தோராயமாக. துளை வழியே நீராவி வெளியேற வெளியேற மழுங்கிய முனையில் இருக்கிற காற்றறை பெரிதாகும், முட்டை லேசாகும். அவ்வளவுதான் விஷயம். சால்மொனெல்லா என்கிற வயிற்றைக் கெடுக்கும் கிருமி உள்ளே இருந்தால் முட்டை மிதக்காது, நாறாது, நிறம் மாறாது. நேற்று இட்ட முட்டையிலும் அது இருக்கலாம், ஏனென்றால் ஒரு வகைக் கிருமி கோழியின் சினைக்குழாயிலேயே ஓடு உருவாகும் முன் உள்ளே போய்விடுகிறது. மிக அரிது, ஆனால் அந்த அரிதான முட்டையும் உங்கள் வாளியில் சமர்த்தாக மூழ்கித்தான் கிடக்கும்.

இன்னொரு தொந்தரவு. 31 டிகிரியில் இருந்த முட்டையைக் குழாய்த் தண்ணீரில் போட்டால், தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ச்சியாக இருந்துவிட்டால், நள்ளிரவுப்பசிக்குச் சொன்ன அதே இழுவை இங்கேயும் நடக்கும். ஓட்டின் மேல் இருந்த அழுக்கு தண்ணீரோடு உள்ளே. ஆகவே மிதக்கவிட்டுப் பார்த்தால் பார்த்த உடனே உடைத்துச் சமைத்துவிட வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்ப அட்டையில் அடுக்குவதுதான் தவறு.

கோழிக்கூடு:
வீட்டில் பதினாறு கோழி வளர்க்கிறேன், ஆய்வகம் எதுவும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் முட்டை ஃபிரிட்ஜுக்குள் போனதே கிடையாது. கூடையில், காற்றோட்டமான இடத்தில், கூர் முனை கீழே இருக்கும்படி வைப்பேன். வெயில் காலத்தில் ஒரு வாரம், குளிர் காலத்தில் மூன்று வாரம். முப்பது வருடத்தில் யாருக்கும் வயிறு வலித்ததில்லை. அழுக்கு முட்டையை ஈரத் துணியால் துடைத்துத்தான் வைப்பேன். இதற்கு இவ்வளவு பயம் தேவையா தம்பி?

பழைய_ஆய்வகம்:
அக்கா, உங்கள் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலுக்கு ஒரு வாரம் குளிருக்கு மூன்று வாரம் என்று பிரித்து வைத்திருக்கிறீர்களே, அதில் காரணம் இருக்கிறது. மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு சவ்வு உண்டு. கிருமி இருந்தால் பெரும்பாலும் அந்தச் சவ்வுக்கு வெளியே, வெள்ளைக்கருவில்தான் இருக்கும், அங்கே பட்டினிதான். முட்டைக்கு வயதாக ஆக அந்தச் சவ்வு தளர்ந்து, மஞ்சள் கருவில் இருக்கிற இரும்பும் சத்தும் கசிய ஆரம்பிக்கும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிருமிக்கு அன்றைக்குத்தான் விருந்து. 20 டிகிரியில் ஏறத்தாழ மூன்று வாரம் தாங்குகிற சவ்வு, 30 டிகிரியில் ஒரு வாரம்கூடத் தாங்காமல் போகலாம். ஃபிரிட்ஜ் செய்வது இரண்டு வேலை. சவ்வைக் கெட்டியாக வைத்திருக்கும், கிருமியைப் பெருக விடாது. சால்மொனெல்லா 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நகராது.

உங்களுக்கு இன்னொரு சாதகமும் இருக்கிறது. உங்கள் முட்டை என்றைக்கு இட்டது என்று உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்குகிறவருக்குத் தெரியாது.

ஈரத் துணி மட்டும் வேண்டாம் அக்கா. காய்ந்த துணியாலோ, கரடான காகிதத்தாலோ லேசாகத் தேயுங்கள். ரொம்ப அழுக்கானதைக் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான தண்ணீரில், கை பொறுக்கிற சூட்டில், ஊற வைக்காமல் கழுவி, துடைத்து, அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கோழிக்கூடு:
நான் துடைத்து வைத்ததில் ஒன்றுகூடக் கெட்டதில்லை. சரி, நீங்கள் சொல்வதைச் சொல்லுங்கள், நான் செய்வதைச் செய்கிறேன் 😄

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி, கேட்டவருக்கு இன்னும் பதில் வரவில்லை. 19 முட்டை, ஆமாவா இல்லையா?

பழைய_ஆய்வகம்:
வருகிறேன். அரைவேக்காடு, முதலில் எத்தனை நேரம் சூட்டில் இருந்தது என்பதைக் கணக்குப் போடுவோம். நின்றுபோன ஃபிரிட்ஜ், கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் ஐஸ் முழுவதும் உருகிப் பாலும் திரிந்திருக்கிறது என்றால் அது நீங்கள் வந்த அன்று காலையில் நின்றது இல்லை. மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் கிளம்பிய அன்றே நின்றுவிட்டது. அப்படியானால் நேற்று மாலை வரை மூன்று நாள், ஏறத்தாழ 31 டிகிரி. தரப் பிரிவில் ஒரு பேச்சு வழக்கு உண்டு, வெளியே ஒரு நாள் என்பது உள்ளே ஒரு வாரம் என்று. இது துல்லியமான விதி இல்லை, வெள்ளைக்கரு எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதற்கான கைக்கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் மூன்று நாள் மூன்று வாரம். ஏற்கெனவே ஃபிரிட்ஜில் ஒன்றரை வாரம். வாங்குவதற்கு முன் கடையில் வெளியே எத்தனை நாள் என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். ஒழுங்காக ஃபிரிட்ஜில் வைத்த முட்டைக்கு வழக்கமாகச் சொல்கிற கெடு மூன்றிலிருந்து ஐந்து வாரம். உங்கள் முட்டை அந்தக் கெடுவின் கடைசிப் படியில் நிற்கிறது, தாண்டியும் இருக்கலாம்.

கைக்கணக்கை விட்டுவிட்டு முட்டையையே கேட்போம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மழுங்கிய முனையில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். உள்ளே காற்றறையின் விளிம்பு நிழல் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஓட்டின் மேல் பென்சிலால் வரைந்து, முனையிலிருந்து கோடு வரை எவ்வளவு ஆழம் என்று அளவுகோலால் பாருங்கள். ஐரோப்பாவில் முதல் தர முட்டைக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கூடவே முட்டையை மெல்லச் சுழற்றுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் வெளிச்சக் கோடாக மின்னும், பகலில் அது கண்ணுக்கே படாது. இந்த விரிசலைத்தான் நான் முக்கியமாகத் தேடச் சொல்கிறேன்.

நள்ளிரவுப்பசி:
அலமாரியில் இருந்த இரண்டையும் போட்டுவிட்டேன் அண்ணா. அவித்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறதே, அதுவும் கெட்டதுதானே?

பழைய_ஆய்வகம்:
இல்லை. அதிக நேரம் வேக வைத்தால் மஞ்சளின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்து வருகிற நிறம். சாப்பிடலாம்.

அரைவேக்காடு:
இரவு உட்கார்ந்து 19-ஐயும் பார்த்தேன், கணவர் டார்ச் பிடிக்க நான் பென்சில் பிடித்தேன், மாமியார் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார். பெரும்பாலானவை 8, 9 மில்லிமீட்டர். இரண்டு மட்டும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டின. ஒன்றில் பக்கவாட்டில் மின்னல் மாதிரி ஒரு கோடு, நீங்கள் சொன்ன விரிசல் இதுதான் என்று நினைக்கிறேன், நான் துடைத்த நாலில் ஒன்று அது.

சமையல்_சிங்கம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த மூன்றை மட்டும் தண்ணீரிலும் போட்டேன், உடனே உடைத்துவிடுகிற திட்டத்தோடு. காற்றறை பெரிதாக இருந்த இரண்டில் ஒன்று நிஜமாகவே மிதந்தது, இன்னொன்று நட்டமாக நின்றது. விரிசல் முட்டை அடியில் படுத்துக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்தேன். மிதந்ததில் வாடையே இல்லை, வெள்ளை மட்டும் தண்ணீராய் ஓடியது, மஞ்சள் தட்டையாகப் பரந்துவிட்டது. நின்றதும் அப்படியே. படுத்திருந்த விரிசல் முட்டையில் வெள்ளைக்கரு இளம்பச்சையாக, புளித்த வாடையோடு. மூன்றையும் கொட்டிவிட்டேன்.

சமையல்_சிங்கம்:
சரி, தோற்றேன். ஆனால் பச்சையா? முட்டையில் பச்சை நான் பார்த்ததே இல்லையே.

பழைய_ஆய்வகம்:
சூடோமோனாஸ் என்கிற கிருமிக் குடும்பத்தின் கையெழுத்து அது. தண்ணீரிலும் ஈரத்திலும் வாழ்கிற இனம். விரிசலோ ஈரமோ கிடைத்தால் ஓட்டைத் தாண்டி வரும், வெள்ளைக்கருவின் இரும்புப் பூட்டைத் திறக்கவும் அதற்குச் சாவி உண்டு, அந்தச் சாவிதான் பச்சையாகத் தெரிகிறது. இது ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரும் என்பதால், குளிரில் இருக்கிறது என்று விரிசல் முட்டையை விட்டு வைக்கக் கூடாது. வாங்கி வரும்போதே விரிசல் கண்டால், அன்றைக்கே உடைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் நன்றாக வேக வைத்துவிடுங்கள். ஈரம் கசிந்து ஒட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், குப்பை. உங்கள் முட்டையில் இது துடைத்ததால் வந்ததா என்றால், இல்லை. ஒரு நாளில் இவ்வளவு வளராது, விரிசல் முன்பே இருந்திருக்க வேண்டும்.

அரைவேக்காடு:
ஆக மிச்சம் 16. இப்போதாவது சொல்லுங்கள்.

பழைய_ஆய்வகம்:
ஏட்டில் இருக்கிற பதில் ஒன்று, என் பதில் ஒன்று. இரண்டையும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

ஏட்டில் இருக்கிற பதில், குறிப்பாக அமெரிக்க அரசு சொல்வது, ஃபிரிட்ஜ் நின்று 4 டிகிரிக்கு மேல் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் முட்டையைக் கொட்டிவிடு என்பதுதான். மறுபேச்சு கிடையாது. அது கழுவிய முட்டைக்காக எழுதப்பட்டது என்று நான் வாதாடலாம், ஆனால் மூன்று நாள் 31 டிகிரி என்பது கழுவாத முட்டைக்கும் அதிகம்தான்.

என் வீடாக இருந்தால், துடைத்ததில் மிச்சமிருக்கிற மூன்றையும் கொட்டுவேன். மீதி 13-ஐ ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைத்து, கதவில் இல்லை, கதவில் திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு அடிக்கும், இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவேன். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்துத்தான் சட்டியில் ஊற்றுவேன். நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகிற வரை. கேக்கில் போடலாம், பச்சையாக அடிக்கிற மயோனைஸில் போடக் கூடாது. நானும் என் மனைவியும் சாப்பிடுவோம்.

உங்கள் மாமியாருக்கு இந்த 13-இல் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன், கல் மாதிரி வேக வைத்தாலும் சரி. அந்த வயதில் ஒரு வயிற்றுப்போக்கு என்றாலே மருத்துவமனைப் படுக்கைதான். சின்னக் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும் அப்படியே.

கணக்குப்பிள்ளை:
இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 13 முட்டையை மிச்சம் பிடிக்க, ஒரு வீட்டில் இரண்டு விதமாகச் சமைத்து, ஒருவருக்குக் கொடுக்காமல் ஒருவருக்குக் கொடுத்து, ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? ஒரே அட்டையில் பழையதும் புதியதும் கலந்துவிடும். கொட்டிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கோழிக்கூடு:
நான் சாப்பிட்டுவிடுவேன், அந்த மூன்றையும் சேர்த்து. மஞ்சள் உருண்டையாக நிற்கிறதா, வாடை இல்லையா, அது போதும். ஆனால் மாமியார் விஷயத்தில் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

சமையல்_சிங்கம்:
அப்படியானால் மாமியாருக்குப் பிடித்த மாதிரி அரைவேக்காட்டில் சாப்பிட வழியே இல்லையா? பாவம்.

பழைய_ஆய்வகம்:
வழி இருக்கிறது, இந்த முட்டையில் இல்லை. ஓட்டோடு பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை சில இடங்களில் கிடைக்கிறது, அது முதல் தேர்வு. அது இல்லாவிட்டால், கோழிக்குத் தடுப்பூசி போட்டு, பண்ணையிலிருந்து கடை வரை தேதி முத்திரையோடு வருகிற ஏற்பாடு உள்ள இடமா என்று பாருங்கள். பிரிட்டனில் 1998 முதல் சிங்க முத்திரைத் திட்டத்தில் கோழிகளுக்கு சால்மொனெல்லா தடுப்பூசி போடுகிறார்கள். 2017-இல் அந்த முத்திரை இருந்தால் வயதானவர்கூட ஓட ஓடச் சாப்பிடலாம் என்று அந்த நாட்டு உணவுத் தரத் துறையே சொல்லிவிட்டது, அதற்கு முன் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே துறை. தேதி இல்லாத, வெளியே வைத்து விற்கிற முட்டைக்கு அந்த தைரியம் எனக்கு வராது.

அரைவேக்காடு:
13 இல்லை, 12. ஒன்றைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டேன் 🤦‍♀️ நாளைக்கு 12-ஐயும் கேக்காகவும் முழுசாக வெந்த ஆம்லெட்டாகவும் செய்து நானும் அவரும் தீர்க்கப் போகிறோம், அத்தைக்குத் தனியாக ஆறு முட்டை இன்று வாங்கி வந்தேன், ஓட்டிலேயே தேதி குத்தியது, முட்டையிட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. முழுசாக வேக வைத்துக் கொடுத்தேன், முகம் சுளித்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் நடுவில் நின்று திரும்ப ஓடியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த முறை செத்தே போனதால் தெரிந்தது. நின்று நின்று ஓடியிருந்தால் நான் ஒன்றும் தெரியாமல் சமைத்திருப்பேன்.

கோழிக்கூடு:
ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. ஐஸுக்குள் புதைந்து அடியில் கிடந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

பழைய_ஆய்வகம்:
அக்காவுக்கு முழு மதிப்பெண். ஒரே ஒரு திருத்தம். ஃப்ரீசரில் இருக்கிற ஐஸ் உருக நேரமாகும், கீழ்த்தட்டு அதற்கு முன்பே சூடாகிவிடும். நாணயம் பாதி ஆழத்தில் நின்றாலும் முட்டையை வெளியே இருந்ததாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அது மேலேயே இருந்தால்கூட ஆறேழு மணி நேரம் நின்றிருக்க வாய்ப்பு உண்டு, அதை நாணயம் சொல்லாது. ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற, அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைத்துக்கொள்கிற வெப்பமானி சின்னதாகக் கிடைக்கிறது, அதை உள்தட்டில் முட்டை பக்கத்திலேயே வையுங்கள்.